ஷவர் கண்ணாடிக் கதவு சிக்குகிறதா, சாய்கிறதா? ரோலரைச் சரிசெய்வதும் மாற்றுவதும்

குளியலறையில் தள்ளித் திறக்கிற கண்ணாடிக் கதவு ஓடாமல் நின்றால், முக்கால்வாசிப் பேர் முதலில் குனிந்து கீழ்ச்சக்கரத்தைத்தான் பார்ப்பார்கள். கீழே அழுக்கும் உப்பும் படிந்து கிடக்கும், அதனால் கோளாறு அங்கேதான் என்று தோன்றும். ஆனால் இந்த வகைக் கதவில் பாரம் முழுவதையும் தாங்குவது மேல்சக்கரங்கள். கீழே இருப்பவை கதவு முன்னும் பின்னும் ஆடாமல் வழிகாட்ட மட்டுமே இருக்கின்றன. கதவு ஒரு பக்கம் இறங்கிவிட்டது என்றால் அதற்கு அநேகமாகக் காரணம் மேலேதான்.

நம் பக்கத்து வீடுகளில் அதிகம் இருக்கும் அமைப்பைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்: மேலும் கீழும் அலுமினிய டிராக், 5 அல்லது 6 மி.மீ. டஃபன்டு கண்ணாடி, ஒரு கதவுக்கு மேலே இரண்டு ரோலர், கீழே இரண்டு ரோலர். ஃபிரேமே இல்லாமல், தடித்த கண்ணாடி ஒரு ஸ்டீல் கம்பியில் தொங்குகிற வகை வேறு. அதன் கணக்கும் வேறு, எடையும் வேறு.

எடை எவ்வளவு என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 2.5 கிலோ இருக்கும். 60 செ.மீ. அகலம், 185 செ.மீ. உயரம், 6 மி.மீ. கனம் உள்ள கதவு 17 கிலோவுக்குக் கிட்ட வரும். பார்த்தால் அவ்வளவு தெரியாது. கழற்றிக் கையில் வாங்கும்போது தெரியும். அதனால் கதவைக் கழற்றும் வேலை எதுவானாலும் இரண்டு பேர் வேண்டும்.

சக்கரம் உருள்கிறதா, இழுபடுகிறதா

கதவைக் கழற்றாமலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். மேல்சக்கரம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு கதவை ஒரு கையகலம் மெதுவாகத் தள்ளுங்கள். 23 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றினால் கதவு 7 செ.மீ. சொச்சம் நகரும். அந்தத் தூரத்துக்குள் புள்ளி ஒரு சுற்று வந்துவிட்டால் சக்கரம் நன்றாக இருக்கிறது. கதவு நகர்ந்தும் புள்ளி இருந்த இடத்திலேயே நின்றால், உள்ளே பேரிங் இறுகிவிட்டது. சக்கரம் உருளாமல் டிராக்கின் மேல் தேய்ந்துகொண்டு போகிறது.

டிராக்கை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாலும் செய்தி கிடைக்கும். விரலில் வெள்ளையாகச் சொரசொரவென்று ஒட்டினால் அது தண்ணீரின் உப்புப் படிவு. சாம்பலும் கருப்புமாகப் பொடி ஒட்டினால் இறுகிய சக்கரம் அலுமினியத்தை அராவிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சக்கரத்தின் நடுவிலிருந்து செம்பழுப்பு நீர் வடிந்த தடம் இருந்தால் பேரிங் துருப்பிடித்துவிட்டது. அதை எந்த எண்ணெயாலும் மீட்க முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

கதவு எல்லா இடத்திலும் நன்றாக ஓடி, ஒரே இடத்தில் மட்டும் தட்டி நின்றால் ரோலரைச் சந்தேகப்படாதீர்கள். அந்த இடத்தில் டிராக் நசுங்கியிருக்கும், அல்லது ஒரு ஸ்க்ரூ தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் டிராக்கின் நெடுகிலும் வழித்துக்கொண்டே போனால் தடை நகத்தில் மாட்டும்.

சாய்ந்த கதவு எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது

கதவைச் சுவரோரம் ஒரு விரல்கடை இடைவெளி இருக்கும்வரை மூடி நிறுத்துங்கள். கதவின் செங்குத்து ஓரத்துக்கும் சுவரில் பொருத்திய அலுமினியப் பட்டைக்கும் உள்ள இடைவெளியை மேல்முனையில் ஒரு தடவை, கீழ்முனையில் ஒரு தடவை அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் சாய்வு இல்லை.

மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால், மூடும் பக்கத்து மேல்ரோலர் இறங்கியிருக்கிறது. கீழே குறுகி மேலே அகன்றிருந்தால், எதிர்ப்பக்கத்து ரோலர் இறங்கியிருக்கிறது. இது குழப்பமாகத் தோன்றினால் ஒரு புத்தகத்தைக் கதவு மாதிரி நிறுத்தி, ஒரு மேல்மூலையைக் கீழே அழுத்திப் பாருங்கள். அந்த மூலை வெளியே தள்ளிக்கொண்டு வரும், அதே பக்கத்துக் கீழ்மூலை உள்ளே போகும்.

அதற்கு முன்னால் சுவர்ப்பட்டை நேராக நிற்கிறதா என்று ரசமட்டமோ தூக்குக்குண்டோ வைத்துப் பார்த்துவிடுங்கள். பட்டையே சாய்ந்திருந்தால் ரோலரைத் திருகித் திருகி இடைவெளியைச் சமமாக்கலாம்தான், ஆனால் கதவின் கீழ்மூலை டிராக்கில் உரசத் தொடங்கிவிடும்.

கைக்கொள்ள வேண்டிய ஒரு கணக்கு

பல்லடம் பக்கம் ஒரு வீட்டில் கதவு சாய்ந்து, மூடும்போது மேல்மூலை மட்டும் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அக்கா நான்கு கீழ்ச்சக்கரங்களைக் கடையில் வாங்கி வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, கீழ வீலுதானுங்களே தேஞ்சு போச்சு? வாங்கி வச்சுட்டனுங்க, மாட்டிக் குடுங்க."

"கீழ் வீலு பாரம் தாங்கறதில்லைங்கக்கா. மேல பாத்துட்டு அப்பறம் இதைப் பிரிக்கலாமுங்க, கவரைக் கிழிச்சுராதீங்க."

அளந்து பார்த்தோம். மேலே 2 மி.மீ., கீழே 8 மி.மீ. இடைவெளி. வித்தியாசம் 6. இதைப் பார்த்ததும் ரோலரை 6 மி.மீ. தூக்க வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கதவின் உயரம் 1850 மி.மீ., இரண்டு மேல்ரோலர்களுக்கும் நடுவே இருந்த தூரம் 460 மி.மீ. உயரத்தில் வரும் 6 மி.மீ. சாய்வு, 460 மி.மீ. அகலத்தில் வெறும் 1.5 மி.மீ. தான். அதாவது 6-ஐ 460-ஆல் பெருக்கி 1850-ஆல் வகுக்க வேண்டும். இந்த மாதிரி உயரமான, ஒடுக்கமான கதவில் ரோலர் 1 மி.மீ. ஏறினால் ஓரத்து இடைவெளியில் ஏறக்குறைய 4 மி.மீ. மாறிவிடும்.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் பலர் ஸ்க்ரூவை நிறையத் திருகிவிட்டு, கதவு மறுபக்கம் சாய்ந்து போனதும் அந்த ரோலரையும் திருகி, கடைசியில் எது எங்கே இருந்தது என்றே தெரியாமல் நிற்கிறார்கள். சின்னதாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டும்.

திருகும் முறை

பெரும்பாலான ஒற்றைச் சக்கர ரோலர்களில், சக்கரத்தின் அச்சு கண்ணாடித் துளையின் நடுமையத்துக்கு நேராக இருக்காது. கொஞ்சம் விலகியிருக்கும். அதைச் சுற்றினால் கதவு ஏறும். உச்சிக்குப் போன பிறகும் சுற்றிக்கொண்டே போனால், சைக்கிள் பெடல் மாதிரி, திரும்ப இறங்கும். இதனால்தான் "நானும் வலது பக்கம் திருகிக்கொண்டே இருக்கிறேன், ஏறவே மாட்டேங்குது" என்பார்கள். அரைச் சுற்றுக்குள்ளேயே முழு ஏற்றமும் முடிந்துவிடும்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. அச்சு பக்கவாட்டில் விலகி நிற்கும் நிலையில்தான் கொஞ்சம் திருகினாலும் கதவு அதிகம் ஏறி இறங்கும். கதவின் எடை அச்சைச் சுழற்றிவிடப் பார்ப்பதும் அந்த நிலையில்தான். அச்சைச் சுழலாமல் பிடித்து வைத்திருக்கும் பூட்டு ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்தால்கூடக் கதவு தானாகவே இறங்கிவிடும். ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி மறுபடி சாய்கிற கதவுக்குக் காரணம் அநேகமாக இந்தப் பூட்டு ஸ்க்ரூதான்.

வேலையைத் தொடங்கும் முன் அச்சு இப்போது இருக்கும் நிலையில், அச்சிலும் அதன் பக்கத்திலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். எவ்வளவு தப்பாகத் திருகினாலும் திரும்பி வர அதுவே வழி. பிறகு இறங்கிய பக்கத்தில், கண்ணாடியின் அடியில் மடித்த அட்டையையோ மெல்லிய பிளாஸ்டிக் ஆப்பையோ செருகி, கதவின் பாரத்தை அதில் ஏற்றுங்கள். பாரம் ரோலரில் இருக்கும்போதே திருகினால் ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிடும். இரும்பு ஆப்பு மட்டும் வேண்டாம், கண்ணாடியின் ஓரத்தில் உலோகம் படக் கூடாது.

இப்போது பூட்டு ஸ்க்ரூவை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். அச்சை ஸ்பானராலோ தட்டை ஸ்க்ரூட்ரைவராலோ கொஞ்சமாகத் திருப்பி, பூட்டு ஸ்க்ரூவை இறுக்கி, ஆப்பை எடுத்துவிட்டு இடைவெளியை அளந்து பாருங்கள். ஆப்பு இருக்கும்போது அளந்தால் அளவு பொய் சொல்லும்.

இரட்டைச் சக்கர ரோலராக இருந்தால் வேலை இன்னும் சுலபம். மேலே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினால் நேராக ஏறும், இறங்கும். எந்தப் பக்கம் திருகினால் ஏறும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், கால் சுற்று திருகிப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்தப் பல்லடம் வீட்டில் மூடும் பக்கத்து ரோலரின் பூட்டு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. கொஞ்சம் ஏற்றி இறுக்கியதும் மேலே 5, கீழே 5 என்று வந்துவிட்டது. ஆனால் புள்ளி வைத்துப் பார்த்தபோது எதிர்ப்பக்கத்துச் சக்கரம் சுழலவே இல்லை. ஆக, மேல்ரோலர் இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. கீழ்ச்சக்கரங்கள் பிரிக்காத கவரோடு கடைக்கே திரும்பிப் போயின.

வாங்கும் முன் என்ன அளக்க வேண்டும்

பழைய ரோலர் ஒன்றைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவதே நல்லது. முடியாவிட்டால் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டு போங்கள்: சக்கரத்தின் விட்டம், கண்ணாடியின் கனம், கண்ணாடியில் உள்ள துளையின் விட்டம், கண்ணாடியிலிருந்து சக்கரம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பது. இரண்டு துளையில் மாட்டும் ரோலராக இருந்தால் துளைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரமும் வேண்டும். மையத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பிடிக்க வேண்டாம். ஒரு துளையின் இடது ஓரத்திலிருந்து அடுத்த துளையின் இடது ஓரம்வரை அளந்தால் அதே அளவுதான்.

இறுகிப் போன சக்கரம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருக்கும். அந்த இடத்தில் அளந்தால் 23 மி.மீ. சக்கரம் 22 என்று காட்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அளந்து, வருவதிலேயே பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

துளை அளவில் மட்டும் சமாதானம் கூடாது. டஃபன்டு கண்ணாடியைச் சூடேற்றிப் பதப்படுத்திய பிறகு அதில் துளை போடவோ, இருக்கும் துளையைப் பெரிதாக்கவோ முடியாது. டிரில்லை வைத்தால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். "கொஞ்சம் ராவிக்கலாங்க" என்று கடையில் யாராவது சொன்னால் அந்த ரோலரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

போர் தண்ணீர் புழங்கும் வீட்டுக்கு, ரப்பர் மூடி போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேரிங் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். சக்கரம் நைலானைவிட டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது, ஏனென்றால் நைலான் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் உப்பும். பழைய மாடலுக்கு எங்கேயும் ரோலர் கிடைக்காதபோது நம் ஊரில் இன்னொரு வழியும் இருக்கிறது. கோவையில் கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறைகளில் பழைய சக்கரத்தைக் காட்டினால் டெல்ரின் கம்பியில் கடைந்து கொடுப்பார்கள். பேரிங்கின் மேல் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் பேரிங் கடையில் அதையும் வாங்கிக்கொள்ளலாம். உதாரணமாக, 625 என்று இருந்தால் உள்விட்டம் 5, வெளிவிட்டம் 16, கனம் 5 மி.மீ.

கழற்றி மாற்றுதல்

தரையை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, தண்ணீர் போகும் சல்லடையின் மேல் ஒரு துணியைப் போடுங்கள். ஒரு வாஷர் அதற்குள் விழுந்தால் வேலை அதோடு நின்றுவிடும். இரண்டு பேரும் செருப்பு இல்லாமல் நிற்கக் கூடாது, ஷூ போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. கண்ணாடியை வைக்கப் பக்கத்து அறைக் கட்டிலில் மெத்தை மேல் பவானி ஜமக்காளத்தை விரித்து வைத்துவிடுங்கள். டஃபன்டு கண்ணாடி நடுவில் நல்ல பலமாக இருக்கும். பலவீனம் அதன் ஓரங்களிலும் மூலைகளிலும்தான். மூலை லேசாக டைல்ஸில் இடித்தாலே மொத்தமும் போய்விடும். அதனால் தரையில் நிறுத்தி வைக்கும் யோசனையே வேண்டாம்.

முதலில் மேல்ரோலரின் நிலையைக் குறித்துக்கொண்டு, கதவு எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறக்குங்கள். அப்போதுதான் தூக்கி எடுக்க மேலே இடம் கிடைக்கும். பிறகு கதவை டிராக்கின் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் மேல்பக்கம் பிடித்துக்கொள்ள, மற்றவர் கீழ்ரோலரில் உள்ள ஸ்பிரிங் பட்டனை அழுத்தி, கதவின் அடியை டிராக்கிலிருந்து விடுவித்து ஒரு சாண் இழுக்க வேண்டும். பட்டன் உப்பேறி அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, துணியை நனைத்துக் கால் மணி நேரம் சுற்றி வைத்தால் இளகிவிடும். தரை மார்பிளாக இருந்தால் சொட்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது மார்பிளை அரிக்கும்.

அடி விடுபட்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவை நேர்மேலே தூக்கினால் மேல்சக்கரங்கள் டிராக்கின் உதட்டைத் தாண்டி வெளியே வந்துவிடும்.

கட்டிலில் படுக்க வைத்த பிறகு துளைகளின் ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். துளை விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தாலோ, முடி மாதிரி ஒரு கீறல் ஓடினாலோ அந்தக் கண்ணாடியைத் திரும்ப மாட்டாதீர்கள். புதுக் கண்ணாடிதான் போட வேண்டும்.

ரோலரைப் பொருத்தும்போது கண்ணாடியில் எந்த இடத்திலும் உலோகம் நேராகப் படக் கூடாது. துளைக்குள் பிளாஸ்டிக் புஷ், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வாஷர், அதன் பிறகுதான் நட்டு. கையால் இறுகும்வரை திருகி, அதற்கு மேல் கால் சுற்று போதும். மேல்ரோலர்களை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்று புதிதும் ஒன்று தேய்ந்ததுமாக இருந்தால் கதவு மாட்டிய அன்றே சாயும். கீழ்ரோலர்களில் ஸ்பிரிங் துள்ளி வந்து, சக்கரமும் சுழன்றால் அவற்றை விட்டுவிடலாம்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டும் முன் டிராக்கைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். குளியலறை ஆசிட்டை இதில் தொடவே கூடாது. அது அலுமினியத்தையும் பேரிங்கையும் சேர்த்துத் தின்னும். பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிட்டால் எழும் வாயு மூச்சையே அடைக்கும். கீழ் டிராக்கில் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அவற்றையும் ஊக்கால் குத்தி விடுங்கள். அவை அடைத்துக்கொண்டால் கீழ்ச்சக்கரங்கள் இரவும் பகலும் தண்ணீரிலேயே நிற்கும்.

புது ரோலரின் அச்சு இரண்டையும் அவற்றின் நடுநிலையில் வைத்துக்கொண்டு, மேல்சக்கரங்களை முதலில் டிராக்கில் உட்கார வையுங்கள். இரண்டும் உட்கார்ந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கீழ்ப்பட்டனை அழுத்தி அடியைச் சேர்க்க வேண்டும். கையை எடுக்கும் முன் கதவின் அடியை லேசாக வெளியே இழுத்துப் பாருங்கள், விடுபடக் கூடாது. அப்புறம் முன்பு சொன்ன மாதிரியே அளந்து, திருகி, பூட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். பத்து நாள் கழித்து அந்த ஸ்க்ரூவை இன்னொரு தடவை இறுக்கிப் பார்ப்பது அவசியம், புது வாஷர்கள் அழுந்தி உட்காரும்போது அது சற்றுத் தளரும்.

எண்ணெயும் தண்ணீரும்

தேங்காய் எண்ணெய் விட்டால் அன்றைக்கு நன்றாக ஓடும். ஆனால் அது சோப்பு நுரையையும் தூசியையும் பிடித்துப் பிசினாகிவிடும். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையவும் செய்யும், மார்கழியில் கதவு அசையாது. கிரீஸும் அப்படித்தான் அழுக்கைச் சேர்க்கும். சிலிகான் ஸ்பிரேயைத் துணியில் அடித்து, அச்சின் ஓரத்தில் மட்டும் தொட்டு வைத்தால் போதும். டிராக்கில் எதுவும் பூச வேண்டியதில்லை.

சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளில் ரோலர் நெடுநாள் உழைக்கும். சப்பத் தண்ணீர் புழங்கும் திருப்பூர், பல்லடம், தாராபுரம் பக்கத்தில் உப்புப் படிவது தவிர்க்க முடியாதது. அங்கே குளித்து முடித்ததும் ஒரு குவளை நல்ல தண்ணீரைக் கீழ் டிராக்கில் ஊற்றி, மேல் டிராக்கைத் துணியால் ஒரு இழுப்பு துடைத்துவிடுங்கள். வாரம் ஒருநாள் எலுமிச்சை உப்புத் துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலசாமல் விட்டால் அந்தப் புளிப்பே பேரிங்கை அரிக்கும்.

கண்ணாடி 8 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மேல் டிராக்கே வளைந்திருந்தாலோ, சுவர்ப்பட்டை டைல்ஸிலிருந்து பெயர்ந்து ஆடினாலோ நீங்களாகக் கழற்ற வேண்டாம். கதவை ஒரு ஓரமாகத் தள்ளி, அசையாமல் துணிக்கயிற்றால் கட்டிவிட்டு, கண்ணாடி வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள்.